பத்து நிமிஷம் பேசினால் ஆளைத் தெரிந்துவிடுமா?

போன மாதம் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் பள்ளி அறக்கட்டளையின் கமிட்டிக் கூட்டம். கணக்காளர் வேலையை விட்டுப் போகிறார், புதிதாக ஒருவரை எடுக்க வேண்டும். விண்ணப்பம் பதினாறு வந்திருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு வந்தபோது, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சொன்னார்:

"இதுக்கு எதுக்குங்க பரீட்சை? வரச் சொல்லுங்க. எதிரே உக்கார வச்சு ஒரு பத்து நிமிஷம் பேசினாப் போதும். ஆள் எப்படின்னு நான் சொல்லிடறேன். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. காபி வந்துவிட்டது, கூட்டமும் கலைந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதே வாக்கியத்தை முப்பத்தொரு வருஷம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தவன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் பணியாளர் பிரிவில் இருந்தேன். எத்தனை பேரை எதிரே உட்கார வைத்துப் "பத்து நிமிஷத்தில்" எடை போட்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது. அந்த எடைக்கல் பொய் என்பதுதான் இன்றைக்கு என் கட்சி. நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் எழுதத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பணம், பிள்ளைகள் கட்டிய ஃபீஸ்.

முதலில் எங்கள் கம்பெனியில் டர்னர் எடுத்த முறையைச் சொல்கிறேன். லேத்தில் வேலை செய்ய ஆள் வேண்டும் என்றால் யாரும் அவரை நாற்காலியில் உட்கார வைத்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பதில்லை. கையில் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு ராடு ஒரு துண்டைக் கொடுப்போம். கூடவே ஒரு டிராயிங். இரண்டு முனையையும் சமமாகச் சீவ வேண்டும், ஒரு பக்கம் 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு 25 மில்லிமீட்டராகக் கடைய வேண்டும், மறுபக்கம் 20 மில்லிமீட்டருக்கு இறக்கி மரை வெட்ட வேண்டும். இரண்டு மணி நேரம். முடிந்ததும் ஃபோர்மேன் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்ப்பார். நூற்றில் ஐந்து மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். அதற்கு மேல் போனால் மார்க் போகும். மரைக்கு ஒரு நட்டை எடுத்துத் திருகிப் பார்ப்பார். இறுகினாலும் தப்பு, ஆடினாலும் தப்பு.

அது மட்டுமல்ல. அந்த இரண்டு மணி நேரமும் ஃபோர்மேன் சும்மா பீடி பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். வேலையைத் தொடங்குமுன் டிராயிங்கை முழுசாகப் படிக்கிறானா? கடைசி வெட்டுக்கு முன்னால் நிறுத்தி அளந்து பார்க்கிறானா, அல்லது கண்ணாலேயே ஓட்டிவிடுகிறானா? சக்கை இறுக்கிய சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினை ஓட்டப் போகிறவனை அந்த நிமிஷமே வெளியே அனுப்பிவிடுவார். மெஷின் சுற்றினால் அந்தச் சாவி எவன் மண்டைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. இதெல்லாம் வாயால் கேட்டால் எவனும் சரியாகத்தான் சொல்வான். சாவியை எடுக்க வேண்டும் என்று தெரியாத டர்னர் யார்? எடுக்கிற பழக்கம் கையில் இருக்கிறதா என்பது லேத்தின் முன்னால்தான் தெரியும்.

இப்போது அதே கம்பெனியின் மாடிக்கு வாருங்கள். 1987 நவம்பர். அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு உதவியாளர் வேண்டும். டர்னரைவிடச் சம்பளம் அதிகம், பொறுப்பும் அதிகம். பரீட்சை? ஒன்றும் கிடையாது. தொழிற்சாலை மேலாளர், நிதி மேலாளர், வெளியிலிருந்து ஒரு பெரியவர், நான் என்று நாலு பேர் மேசைக்குப் பின்னால். எதிரே ஒரு நாற்காலி. பெண் பார்க்கும் படலம் மாதிரிதான். பஜ்ஜியும் சொஜ்ஜியும் மட்டும் இல்லை. சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று யாருக்கு எது தோன்றியதோ அதைக் கேட்டோம். ஒருவரிடம் கேட்டதை அடுத்தவரிடம் கேட்கவில்லை.

ஒரு பையன் வந்தான். அந்த மாதம்தான் பம்பாயில் உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்திடம் இந்தியா தோற்றிருந்தது. பேச்சு எப்படியோ அங்கே போய்விட்டது. கிரஹாம் கூச் நம் சுழற்பந்து வீச்சாளர்களை ஸ்வீப் அடித்தே ஒழித்துக்கட்டியதை அந்தப் பையன் கையை வீசிக் காட்டி விளக்கினான். நிதி மேலாளர் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் கிரிக்கெட் பைத்தியம். பன்னிரண்டு நிமிஷத்தில் பத்து நிமிஷம் கிரிக்கெட். அவன் வெளியே போனதும், "ஷார்ப்பான பையன், விட்டுடக் கூடாது" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவனுக்கு அடுத்து வந்தவர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். ஒரு நூற்பாலையில் ஏழு வருஷம் கணக்குப் பார்த்தவர். மடியில் ஒரு ஃபைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. ஃபைலைத் திறந்து பார்க்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பத்துக்கு நாலு போட்டேன். பக்கத்தில் "தன்னம்பிக்கை போதாது" என்று எழுதியது இன்னும் நினைவிருக்கிறது.

கிரிக்கெட் பையனை எடுத்தோம். ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் வந்து பார்த்தபோது வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு நாலு மாதமாகத் தேங்கியிருந்தது. நம் புத்தகத்தில் இருக்கும் இருப்பும் வங்கி சொல்லும் இருப்பும் ஏன் வித்தியாசப்படுகின்றன என்று மாதாமாதம் கண்டுபிடித்து எழுதுகிற வேலை அது. பையன் வித்தியாசத்தை எல்லாம் சஸ்பென்ஸ் கணக்கில் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த மாதத்துக்குப் போயிருந்தான். திருடவில்லை. ஒரு பைசா எடுக்கவில்லை. அந்த வேலை அவனுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பிறகு டெஸ்பாட்ச் பிரிவுக்கு மாற்றினோம், அங்கே லாரிக்காரர்களிடம் பேசிப் பேசியே கொடி கட்டிப் பறந்தான்.

சரி, கோபிக்காரர்? அவர் கணக்கில் புலி என்று நான் சொன்னால் கதை நன்றாக இருக்கும். ஆனால் எனக்குத் தெரியாது. அவர் எங்கே போனார், எப்படி வேலை செய்தார், ஒன்றும் தெரியாது. நேர்முகத் தேர்வின் பெரிய சூழ்ச்சியே இதில்தான் இருக்கிறது. நாம் எடுத்தவரை மட்டும்தான் பார்க்கிறோம். அவர் நன்றாக வேலை செய்தால் "பார்த்தீர்களா, என் கண் தப்புமா" என்கிறோம். சொதப்பினால் "வந்தப்ப நல்லாத்தான் இருந்தான், பிறகு கெட்டுப் போய்ட்டான்" என்கிறோம். நாம் கழித்துவிட்டவர் ஒருநாளும் திரும்பி வந்து "நான் நன்றாகத்தான் வேலை செய்கிறேன்" என்று நிரூபிக்கப் போவதில்லை. முப்பது வருஷம் தப்பாகவே எடை போட்டாலும் தராசுக்காரனுக்குத் தன் தராசு சரி என்ற நம்பிக்கை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். என் அனுபவம் இவ்வளவு என்று நண்பர் மார் தட்டும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். கழித்துவிடப்பட்டவர்களைப் பற்றி அந்த அனுபவத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் ஒரே ஒரு இடத்தில், கழிக்கப்பட்டவர்கள் கும்பலாகத் திரும்பி வந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரத்து அரசு மருத்துவக் கல்லூரி. 1979ல் அங்கே 800 மாணவர்களை நேர்முகம் பார்த்து, வரிசைப்படுத்தி, மேலே இருந்தவர்களிலிருந்து 150 இடங்களை நிரப்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு மாநிலச் சட்டசபை, இன்னும் 50 பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டது. அதற்குள் நல்ல இடத்தில் இருந்தவர்கள் வேறு வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் வரிசையின் வாலில், 700க்கும் 800க்கும் நடுவில் இருந்தவர்கள். வேறு வழியில்லாமல் அவர்களிலிருந்து 50 பேரை எடுத்தார்கள்.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். படிப்பில், நோயாளிகளைப் பார்க்கிற பயிற்சியில், பாதியில் விட்டுப் போனவர்கள் எண்ணிக்கையில், பெற்ற சிறப்புகளில், எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வரிசையில் தலைக்கும் வாலுக்கும் இருந்த தூரத்தில் பெரும்பகுதி மதிப்பெண்ணால் வந்ததல்ல, நேர்முகத்தில் பேராசிரியர்களுக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தால் வந்தது. அந்த அபிப்பிராயத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று ஆகிவிட்டது. 1987ல் இது அங்கே மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியானது. நான் இங்கே கிரிக்கெட் பையனுக்கு மார்க் போட்ட அதே வருஷம்.

நேர்முகத்தில் பயன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் என்ன என்று கேட்பீர்கள். கெடுதல் உண்டு. நம் கையில் இருக்கும் நல்ல தகவலை அது அழுக்காக்கிவிடும். 2013ல் அமெரிக்காவில் ஜேசன் டானா என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனை ஒன்று இதைக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களிடம் இன்னொரு மாணவரை ஒப்படைத்து, இவர் அடுத்த பருவத்தில் எவ்வளவு மார்க் வாங்குவார் என்று சொல்லச் சொன்னார்கள். பழைய மார்க்கை மட்டும் பார்த்துச் சொன்னவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். பழைய மார்க்கையும் பார்த்து, நேரிலும் பேசிவிட்டுச் சொன்னவர்கள் அதைவிட மோசமாகச் சொன்னார்கள்.

வேடிக்கை அதற்கு மேல். சில பேட்டிகளில் பதில் சொல்பவரிடம் ரகசியமாக ஒரு விதி சொல்லி வைத்தார்கள். கேள்வி எதுவாக இருந்தாலும் உண்மையைச் சொல்லாதே, கேள்வியின் கடைசி வார்த்தைகளின் முதல் எழுத்தைப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல். அதாவது காசு சுண்டிப் பதில் சொல்வது மாதிரி. கேள்வி கேட்டவர்களில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. போதாததற்கு, "இந்த ஆளை நன்றாகப் புரிந்துகொண்டேன்" என்று அவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார்கள். நம் மனசு அப்படி. எதைக் கொடுத்தாலும் அதை வைத்து ஒரு கதை கட்டிவிடும். ஃபைலை இறுகப் பிடித்தால் தன்னம்பிக்கை இல்லை. ஃபைலைக் கீழே வைத்திருந்தால் அலட்சியம் என்று எழுதியிருப்பேன்.

நம் ஊர்க் கதைக்கும் குறைவில்லை. ஸ்ரீநகர் பிராந்தியப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மார்க், நேர்முகத்துக்கு 50 மார்க் என்று வைத்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான் பேசினார்கள், அதிலும் அப்பா யார், வீடு எங்கே என்ற மாதிரிக் கேள்விகள்தான் என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்றில் ஒரு பங்கை நேர்முகத்துக்குக் கொடுப்பது அநியாயம், 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பேட்டியை டேப்பில் பதிவு செய்தால் நல்லது என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். அஜய் ஹாசியா வழக்கு என்று சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். பிறகு 2016 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகமே கிடையாது என்று ஆயிற்று. சிபாரிசு ஒழிய வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். நான் சொல்வது ஒரு படி மேலே. சிபாரிசே இல்லாத, சாட்சாத் தர்மபுத்திரர் உட்கார்ந்து நடத்துகிற நேர்முகமும் சரியாக அளக்காது.

இனி எண்களுக்கு வருகிறேன். பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான். தேர்வு முறை ஒவ்வொன்றும் பிற்பாடு வேலையில் காட்டுகிற திறமையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நூறு வருஷமாக ஆராய்ந்து வருகிறார்கள். 1998ல் ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர் அதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்தார்கள். 2022ல் பால் சாக்கெட் என்பவரும் கூட்டாளிகளும், அந்தப் பழைய எண்கள் புள்ளியியல் திருத்தம் அளவுக்கு மீறிச் செய்ததால் உப்பிப் போனவை என்று காட்டிப் பெரும்பாலானவற்றை இறக்கினார்கள். நான் இறக்கிய எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். என் கட்சிக்கு அது சாதகமில்லை என்றாலும் அதுதான் நேர்மை.

சும்மா பேசுகிற நேர்முகத்துக்கு 0.19. அறிவுத்திறன் சோதனைக்கு 0.31. வேலையையே செய்து காட்டச் சொல்கிற சோதனைக்கு 0.33. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலுக்குப் பதில் மார்க் போடுகிற ஒழுங்கான நேர்முகத்துக்கு 0.42. ஒன்று என்றால் அப்படியே ஜோசியம் பலித்த மாதிரி, பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை.

இதை நம் பாஷையில் மாற்றிப் பார்த்தேன். இரண்டு இரண்டு பேராக நூறு ஜோடியை எடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் யார் நன்றாக வேலை செய்வார் என்று சொல்ல வேண்டும் என்று வையுங்கள். காசு சுண்டினால் 50 ஜோடியில் சரியாக வரும். சும்மா பேசிப் பார்த்தால் சுமார் 56. வேலையைச் செய்யச் சொன்னால் சுமார் 61. ஒழுங்கான நேர்முகத்தில் சுமார் 64.

"இவ்வளவுதானா? ஐந்து ஜோடிக்காகவா இந்தக் கூப்பாடு?" என்று நண்பர் கேட்பார். அவர் கேட்பது நியாயம். எந்தச் சோதனையும் மந்திரக்கோல் இல்லை. வேலையில் ஒருவர் எப்படி இருப்பார் என்பது அவருடைய மேலதிகாரி, வீட்டுக் கஷ்டம், உடம்பு எல்லாவற்றையும் பொறுத்தது. ஆனால் காசு சுண்டுவதைவிட நேர்முகம் ஆறு ஜோடிதான் கூடுதல் என்பதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆறை வைத்துக்கொண்டுதான் "ஆள் எப்படின்னு சொல்லிடறேன்" என்கிறார். என் சண்டை அந்த நிச்சயத்தோடுதான். 61 என்று சொல்பவனுக்குத் தான் தப்பக்கூடும் என்று தெரியும், அதனால் ஆறு மாதம் தகுதிகாண் காலம் வைப்பான். பத்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டவன் அதைக்கூட வைக்க மாட்டான்.

அறிவுத்திறன் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை தெரியாத, புதிதாகப் பழக்கப் போகிற ஆளுக்கு லேத்தைக் கொடுத்துப் பயனில்லை. அங்கே எண், படம், காரண காரியம் என்று கேட்கும் சோதனைதான் உதவும். ஆனால் அதில் ஒரு பள்ளம் உண்டு. கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தால் நாம் அளப்பது புத்தியை அல்ல, கான்வென்ட்டை. அரசுப் பள்ளியில் தமிழில் படித்த பிள்ளைகள் அதில் அடிபட்டுப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலையைச் செய்து காட்டச் சொல்வதில் அந்த ஆபத்து குறைவு. லேத்துக்கு இங்கிலீஷ் தெரியாது.

சரி, நண்பரின் பானைச் சோற்றுக்கு வருவோம். பழமொழி சரியானதுதான். ஆனால் பதம் பார்க்கிற சோற்றை அந்தப் பானையிலிருந்து எடுக்க வேண்டுமே! கணக்காளர் பேச்சு என்பது வேறு பானை. கணக்கிலிருந்து ஒரு சோறு எடுப்போம் என்று உட்கார்ந்து ஒரு தாள் தயார் செய்திருக்கிறேன்.

ஒரு மாதத்துக் கேஷ் புத்தகத்தில் வங்கிப் பத்தியையும், அதே மாதத்து வங்கி அறிக்கையையும் கொடுக்கிறோம். புத்தகப்படி இருப்பு 1,84,320 ரூபாய். வங்கி சொல்வது 1,88,684. வித்தியாசம் 4,364. முக்கால் மணி நேரத்தில் இது ஏன் என்று எழுத வேண்டும். உள்ளே நாலு விஷயம் ஒளிந்திருக்கிறது. நாம் கொடுத்த இரண்டு காசோலைகள், 12,500ம் 8,000ம், இன்னும் வங்கிக்கு வரவில்லை. நாம் போட்ட 15,000 ரூபாய் காசோலை இன்னும் வரவு ஆகவில்லை. வங்கிக் கட்டணம் 236 ரூபாயை நாம் எழுதவே இல்லை. கடைசியாக, 5,460 ரூபாய் காசோலையைப் புத்தகத்தில் 4,560 என்று மாற்றி எழுதிவிட்டோம். கூட்டிக் கழித்துப் பாருங்கள், சரியாக வரும்.

கடைசி விஷயத்தில்தான் ஆள் தெரியும். மற்ற மூன்றையும் கண்டுபிடித்த பிறகு 900 மிச்சம் நிற்கும். பழகிய கணக்காளருக்கு அது ஒன்பதால் வகுபடுகிறது என்று பார்த்தவுடன் மூக்கில் வியர்க்கும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். நேரே போய் இடம் மாறிய எண்ணைத் தேடுவார். கண்டுபிடிக்க முடியாதவர் "900 கண்டுபிடிக்க இயலவில்லை" என்று எழுதினால் அவருக்குப் பாதி மார்க் உண்டு, அது நேர்மை. சஸ்பென்ஸ் கணக்கு என்று போட்டு இருப்பைச் சமன் செய்துவிட்டு எழுந்து போகிறவருக்குப் பூஜ்யம். 1987ல் இந்த ஒரு தாள் என்னிடம் இருந்திருந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு ஆடிட்டர் சொன்னதை முக்கால் மணி நேரத்தில் தெரிந்துகொண்டிருப்பேன்.

தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். விடையும் மார்க்கும் முன்கூட்டியே எழுதி வைத்தாயிற்று. இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்த வேண்டும். வேலையை விட்டுப் போகிற நம் கணக்காளரிடமே முதலில் தாளைக் கொடுத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிஷத்தில் முடித்தார். வங்கி அறிக்கையில் ஒரு தேதி தெளிவாக இல்லை என்று சொன்னார், திருத்திவிட்டேன். கேள்வித்தாள் வெளியே போகாமல் இருக்க அடுத்த முறைக்கு எண்களை மாற்ற வேண்டியிருக்கும். அது ஒரு தொந்தரவுதான்.

இந்தத் தாள் எல்லாவற்றையும் காட்டாது. தினமும் நேரத்துக்கு வருவாரா, ஃபீஸ் கட்ட முடியாத பெற்றோரிடம் எப்படிப் பேசுவார், சேர்மன் தப்பாக ஒரு வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வார், இதெல்லாம் கணக்கில் வராது. அதற்குத்தான் நேரில் பேச வேண்டும். ஆனால் எல்லோரிடமும் அதே ஆறு கேள்வி, அதே வரிசையில். "பழைய வேலையில் ரசீது இல்லாத செலவு வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்ற மாதிரி, நடந்ததைக் கேட்கிற கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் அந்த நிமிஷமே மார்க் எழுதிவிட வேண்டும். கமிட்டிக்காரர்கள் எல்லாம் முடியும்வரை ஒருவரோடு ஒருவர் அபிப்பிராயம் பேசக் கூடாது. 1987ல் நிதி மேலாளர் "ஷார்ப்பான பையன்" என்று சொன்னாரே, அதற்குப் பிறகு மற்ற மூன்று பேர் போட்ட மார்க் எங்கள் மார்க் இல்லை, அவருடைய மார்க்.

நண்பருக்கு மனக்குறை வேண்டாம் என்று ஒன்று சொல்கிறேன். பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கிய டேனியல் கானமன், 1955ல் இருபத்தொரு வயதில் இஸ்ரேல் ராணுவத்துக்கு ஆளெடுக்கும் முறையை மாற்றி அமைத்தார். ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் குறிப்பான கேள்விகள், தனித்தனி மார்க். பேட்டி எடுக்கிறவர்கள் "எங்களை இயந்திரமாக ஆக்குகிறாயே" என்று சண்டைக்கு வந்தார்கள். சரி, எல்லா மார்க்கையும் போட்ட பிறகு கண்ணை மூடி அந்த ஆளை ராணுவத்தில் கற்பனை செய்து, உங்கள் மனசுக்குப் பட்ட மார்க்கையும் ஒன்று போடுங்கள் என்றார். பிற்பாடு பார்த்தால், ஆறு மார்க்கையும் கூட்டினால் எவ்வளவு பலித்ததோ அவ்வளவு அந்த மனசு மார்க்கும் பலித்தது. ஆக, அனுபவசாலியின் மனசுக்கும் இடம் உண்டு. முதலில் இல்லை, கடைசியில்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தத் தாளைக் கமிட்டிக்கு எடுத்துக்கொண்டு போனேன். நண்பர் வாங்கி வைத்துக்கொண்டு பென்சிலைக் கேட்டார். காபி ஆறிப் போகிறது என்று சொல்லச் சொல்ல நிமிரவில்லை. "ஒம்பதுல வகுபடுதே, மாத்தி எழுதிட்டானுங்க" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். கடைசியில், "பரீட்சை வச்சுக்கலாங்க. ஆனா ரொம்ப தூரத்துல இருந்து வர்றாங்க, காலைல முதல்ல நாம பார்த்துப் பேசிட்டு, அப்புறம் தாளைக் குடுக்கலாம்" என்றார்.

அங்கேதான் இன்னும் சண்டை நிற்கிறது. முதலில் பேசிவிட்டால் பிடித்துப் போனவரின் தாளைத் திருத்தும்போது பேனா இளகும். பெயர் இல்லாவிட்டாலும் பதினாறு பேரில் யார் எந்தக் கையெழுத்து என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. தாள் காலையில், திருத்துவது மத்தியானம், பேச்சு சாயங்காலம் என்று நான் சொல்லிவிட்டேன். மதியச் சாப்பாட்டுச் செலவு என்னுடையது என்றும் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் கூடுகிறோம்.